எடை போட்டால் குழந்தை எடை போடுமா?

வீட்டு உத்தரத்திலோ வேப்பமரக் கிளையிலோ ஒரு தராசு தொங்கும். அதன் கொக்கியில் கால்சட்டை மாதிரி தைத்த ஒரு துணிப்பை. பையின் இரண்டு ஓட்டை வழியாகக் காலை வெளியே நீட்டிக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி ஒரு குழந்தை அழும். முள் நிற்பதற்குள் ஊட்டச்சத்துத் திட்டத்தின் பணியாளர் எடையைப் படித்து, வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். மாதம் ஒருமுறை இது நடக்கும்.

தமிழில் "எடை போடு" என்றால் இரண்டு பொருள். பணியாளர் குழந்தையை எடை போடுகிறார். நன்றாகச் சாப்பிட்டால் குழந்தை எடை போடுகிறது. சொல் ஒன்றாக இருப்பதால் முதல் காரியம் நடந்தால் இரண்டாவதும் தானாக நடந்துவிடும் என்று தோன்றிவிடுகிறது. நடக்காது. தராசில் தொங்கவிட்டதால் எந்தக் குழந்தையும் நூறு கிராம் கூடியதில்லை. இடையில் பல காரியங்கள் நடக்க வேண்டும். அவற்றைப் பல பேர் செய்ய வேண்டும். அந்தப் பல பேரில் திட்டத்திடம் சம்பளம் வாங்குகிறவர்கள் ஓரிருவர்தான்.

அந்த இடைவெளியில் என்னென்ன நடக்கும் என்று நாம் நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்பதை வெளிப்படையாக எழுதி வைப்பதற்குப் பெயர்தான் மாற்றக் கோட்பாடு. தொண்டு நிறுவன வட்டாரத்தில் "தியரி ஆஃப் சேஞ்ச்" என்றே சொல்வார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், இங்கே கோட்பாடு என்பது ஒரு ஊகம்தான். இதைச் செய்தால் இது நடக்கும், அது நடந்தால் அடுத்தது நடக்கும் என்ற ஊகம். 1990களில் அமெரிக்காவில் சமூக மேம்பாட்டுத் திட்டங்களை மதிப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இந்தச் சொல்லைப் பரவலாக்கினார்கள். கேரல் வைஸ் என்ற மதிப்பீட்டு அறிஞர் 1995இல் எழுதியது அதில் முக்கியமானது. அவர் சொன்னதன் சாரம் எளிமையானது: எல்லாத் திட்டத்துக்குள்ளும் ஒரு கோட்பாடு இருக்கிறது, நடத்துகிறவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். சொல்லவைத்தால் எந்த இடத்தில் ஓட்டை என்று தெரியும்.

இதைப் படம் வரைந்து, பெட்டி போட்டு, அம்புக்குறி இட்டு விளக்குவதுதான் வழக்கம். எனக்கு அந்த முறையில் பெரிய நம்பிக்கை இல்லை. பெட்டிகள் அழகாக வந்துவிடும், யோசனை வராது. அதைவிட, நடந்த ஒரு கதையைப் படித்தால் சட்டென்று விளங்கும். ஒரே கோட்பாடு இரண்டு ஊர்களுக்குப் போய், ஓர் ஊரில் ஓரளவு பலித்து இன்னோர் ஊரில் தடுமாறிய கதை. முதல் ஊர் நம்முடையது.

மதுரையில் தொடங்கியது

1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதலில் சோதித்துப் பார்த்து, பிறகு பிற மாவட்டங்களுக்கு விரித்தார்கள். மதிய உணவுத் திட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் சோறு. இங்கே மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, யாருடைய வளர்ச்சி தடைப்படுகிறதோ அந்தக் குழந்தைக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், சத்துருண்டை.

அந்தக் காலம் 90 நாள். அதற்குள் 500 கிராம் கூடிவிட்டால் குழந்தை உணவூட்டலிலிருந்து வெளியேறும். ஏன் நிறுத்த வேண்டும், தொடர்ந்து கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விக்கான பதிலில்தான் திட்டத்தின் கோட்பாடு ஒளிந்திருக்கிறது.

சத்துருண்டை அங்கே சாப்பாடு மட்டுமில்லை, தாய்க்குக் காட்டும் சான்றும் கூட. "கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் உன் பிள்ளை தேறும், இதோ அட்டையில் கோடு ஏறுகிறது பார்" என்று காட்டுவதற்கு. அதைப் பார்த்த தாய், வீட்டில் இருப்பதை வைத்தே பிள்ளைக்கு அடிக்கடி ஊட்டுவார், வயிற்றுப்போக்கு வந்தாலும் சாப்பாட்டை நிறுத்த மாட்டார், ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவைத் தொடங்குவார். 90 நாளுக்குப் பிறகு உருண்டை நின்றாலும் இந்தப் பழக்கம் தொடரும். நிலைத்த பலன் என்று திட்டம் எதிர்பார்த்தது இந்தப் பழக்கத்தைத்தான். உருண்டை அதற்கு ஓர் ஏணி.

இப்போது சங்கிலியை ஒரு மூச்சில் சொல்லிப் பார்க்கலாம். ஏறத்தாழ 1,500 பேர் உள்ள ஊருக்கு ஒரு பணியாளர். அவர் எடை பார்க்கிறார். வளர்ச்சி தடைப்பட்ட குழந்தையைக் கண்டுபிடிக்கிறார். அந்தக் குழந்தைக்கு உணவும் தாய்க்கு ஆலோசனையும் கிடைக்கின்றன. குழந்தை அதைச் சாப்பிடுகிறது, தேறுகிறது. தாய் பார்த்து நம்புகிறார், வீட்டில் ஊட்டும் விதத்தை மாற்றுகிறார். குழந்தை மறுபடி சரிவதில்லை. ஊரில் கடுமையான ஊட்டச்சத்துக் குறை குறைகிறது.

இந்த வாக்கியங்களில் முதல் சிலவற்றைத் திட்டம் தானே செய்யும். மருந்து, தராசு, பயிற்சி, சம்பளம் எல்லாம் கையில் இருப்பவை. எத்தனை பேருக்கு எடை பார்த்தோம், எத்தனை உருண்டை கொடுத்தோம் என்பதை வெளியீடு என்பார்கள். தாயின் பழக்கம் மாறுவதும் குழந்தை தேறுவதும் விளைவு. ஊரின் நிலை மாறுவது தாக்கம். பெயர்களை மறந்தாலும் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். "கொடுத்தோம்" என்ற வினை முடிந்து "சாப்பிட்டது", "நம்பினார்", "மாற்றினார்" என்ற வினைகள் தொடங்குகிற இடத்தில் திட்டத்தின் அதிகாரம் முடிகிறது. அங்கிருந்து எல்லாமே அடுத்தவர் கையில். கோட்பாட்டின் முக்கால்வாசி வேலை அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த திட்ட ஆவணங்களில் முக்கால்வாசிப் பக்கங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கத்தைப் பற்றியவை.

கோட்டைத் தாண்டுவதற்குத் தமிழ்நாட்டுத் திட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. பணியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஊரிலேயே வசிக்கிற, தானும் வறுமையில் இருந்தாலும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கிற பெண்ணாகப் பார்த்து எடுக்க முயன்றார்கள். "வெளியூர்க்காரி சொல்வதைவிட, நம்மைப் போலவே கஷ்டப்பட்டுப் பிள்ளை வளர்த்தவள் சொல்வதைத் தாய் நம்புவாள்" என்பது ஒரு அனுமானம். அனுமானத்தை அவர்கள் ஆள் எடுக்கும் விதியாகவே மாற்றிவிட்டார்கள். கோட்பாடு காகிதத்தில் இருந்து தரைக்கு இறங்குவது இப்படித்தான்.

திட்டம் நடந்த பகுதிகளில் கடும் ஊட்டச்சத்துக் குறை குறைந்தது என்று பின்னர் வந்த மதிப்பீடுகள் சொல்லின. சரி, பலித்த மருந்தை அடுத்த ஊருக்கும் கொடுப்போம் என்று யோசிப்பது இயல்புதானே.

வங்கதேசத்துக்குப் போனது

1995இல் வங்கதேச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. பெயரிலேயே உறவு தெரிகிறது. உலக வங்கியின் உதவி, ஊர்தோறும் ஒரு ஊட்டச்சத்துப் பணியாளர், மாதாந்திர எடை, வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகளுக்கும் மெலிந்த கர்ப்பிணிகளுக்கும் அரிசி, பருப்பு, வெல்லம், எண்ணெய் சேர்த்த துணை உணவு, கூடவே ஆலோசனை. சங்கிலி ஏறத்தாழ அதே சங்கிலி.

பலன் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. இல்லவே இல்லை என்று ஒரு தொண்டு நிறுவனம் அறிக்கை வெளியிட, உலக வங்கிக்கும் அதற்கும் வாக்குவாதமே நடந்தது. பின்னர் வங்கியின் தனி மதிப்பீட்டுப் பிரிவு மறுபடி ஆராய்ந்தது. ஹோவர்ட் ஒயிட் என்ற பொருளாதார அறிஞர் அதில் முன்னின்றார். 2005இல் வந்த அந்த ஆய்வு ஒரு விஷயத்தை வித்தியாசமாகச் செய்தது. "எடை கூடியதா இல்லையா" என்று கடைசிக் கண்ணியை மட்டும் பார்த்துவிட்டு நிற்காமல், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே இழுத்துப் பார்த்தது.

முதலில் அறுந்திருந்தது யாருமே எழுதி வைத்திராத கண்ணி. திட்டம் தாயிடம் பேசியது. குழந்தைக்கு என்ன வாங்குவது, எவ்வளவு ஊட்டுவது என்று முடிவு செய்கிறவர் தாய் என்று அது எடுத்துக்கொண்டது. வங்கதேசக் கிராமங்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். மீனா பருப்பா, எவ்வளவு என்பது கணவர் பையோடு வீட்டுக்குத் திரும்பும்போதே முடிவாகிவிடுகிறது. கூட்டுக் குடும்பமாக இருந்தால் அடுப்படியின் அதிகாரம் மாமியாரிடம். மருமகள் எவ்வளவு நன்றாகப் பாடம் கேட்டு வந்தாலும், "நாங்கள் வளர்க்காத பிள்ளையா" என்ற ஒரு வாக்கியத்தில் அது முடிந்துவிடும். கட்டுப்பாடு மிகுந்த பகுதிகளில், மாமியாரோடு வசிக்கும் பெண்கள் திட்டத்துக்கு வருவதே குறைவாக இருந்தது என்பதையும் ஆய்வு கண்டது.

தமிழ்நாட்டில் மாமியார்கள் இல்லையா என்று நீங்கள் சிரிக்கலாம். இருக்கிறார்கள்தான். ஆனால் இங்கே கடைக்குப் போவதும் உலை வைப்பதும் பிள்ளைக்குப் பிசைந்து ஊட்டுவதும் ஒப்பீட்டளவில் தாயின் கையில் இருந்தன. அதனால் "தாய் முடிவெடுப்பார்" என்ற அனுமானம் இங்கே உண்மையாக இருந்தது. உண்மையாக இருந்ததாலேயே அது அனுமானம் என்று யாருக்கும் உறைக்கவில்லை. காற்று இருக்கும் இடத்தில் மூச்சு விடுவதை யார் பட்டியலில் எழுதுவார்கள்? நான்சி கார்ட்ரைட் என்ற அறிவியல் தத்துவ அறிஞர் இந்த இரு திட்டங்களையும் எடுத்துக்காட்டாக வைத்து இதையே வாதிட்டார். ஓரிடத்தில் பலித்த செயலோடு, அது பலிக்கத் துணை நின்ற சூழலும் மறு ஊரில் இருக்கிறதா என்று பார்க்காமல் கொண்டுபோகக் கூடாது என்று.

இரண்டாவது பிசகு உணவு போன வழியில். குழந்தையின் வயிற்றுக்குப் போக வேண்டியது அண்ணனுக்கும் அக்காவுக்கும் பகிரப்பட்டது. இதைக் கசிவு என்பார்கள். திட்ட மொழியில் குற்றம் மாதிரி ஒலிக்கிற இந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. மூன்று பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? இதைவிட நுட்பமானது பதிலீடு. மையத்தில் சாப்பிட்டுவிட்டதே என்று வீட்டில் ஒரு வேளையைக் குறைத்துவிடுவது. பதிவேட்டில் ஒரு பொட்டலம் கொடுத்ததாக இருக்கும், குழந்தை அதைச் சாப்பிட்டதும் உண்மையாக இருக்கும், ஆனால் நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் கூடுதலாக எதுவும் உள்ளே போயிருக்காது. திட்டத்தின் பெயரே "துணை" உணவு. அது துணையா மாற்றா என்பது வீட்டு அடுப்பில் தீர்மானமாகிறது, மையத்தில் இல்லை.

மூன்றாவதுதான் ஊர்ப்பணியாளர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. ஆலோசனை கேட்ட தாய்மாருக்கு விஷயம் தெரிந்திருந்தது, செய்ய முடியவில்லை. கர்ப்பிணிகள் ஓய்வெடுக்க வேண்டும் என்று தெரியும், எடுக்க இயலாது. இணை உணவில் எண்ணெயும் முட்டையும் சேர்க்க வேண்டும் என்று தெரியும், கையில் காசில்லை.

நேரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் காசு தெரிகிற அளவுக்கு அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தாய்ப்பால் போக ஒரு நாளுக்குச் சுமார் 550 கலோரி மற்ற உணவிலிருந்து வர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குழந்தையின் வயிறோ சின்னது. ஒரே வேளையில் அடைக்க முடியாது, மூன்று நான்கு முறை ஊட்ட வேண்டும். அந்த வயதுப் பிள்ளை ஒரு கிண்ணம் சாப்பிட அரை மணி நேரம் எடுக்கும் என்று வைத்தாலும், ஊட்டுவதற்கே இரண்டு மணி நேரம் வரை ஆகும். காலை ஆறரைக்குக் களையெடுக்கப் போய் மாலை திரும்புகிற தாய்க்கு அந்த இரண்டு மணி நேரத்தை எந்த ஆலோசனையும் கொடுக்காது. "தெரிந்தால் செய்வார்கள்" என்ற அம்புக்குறிக்குள் காசும் நேரமும் வீட்டார் சம்மதமும் மடங்கிக் கிடக்கின்றன. சுகாதாரத் திட்டங்களில் அதிகமாக அறுவது இந்த அம்புக்குறிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. "விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" என்ற சொல்லை எந்தத் திட்ட முன்மொழிவில் பார்த்தாலும் அதன் வலப்பக்கம் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவேன்.

இவற்றோடு, வளர்ச்சி அட்டையைப் பல பணியாளர்களால் சரியாகப் படிக்க முடியவில்லை என்பதும் தெரிந்தது. உணவு பெற வேண்டிய குழந்தைகள் சிலர் விடுபட்டார்கள், தேவையில்லாத சிலர் சேர்ந்தார்கள். இது வேறு வகைத் தவறு. பயிற்சி கொடுத்துச் சரிசெய்யலாம். மாமியார் விஷயத்தைப் பணியாளருக்குப் பயிற்சி கொடுத்துச் சரிசெய்ய முடியாது, திட்டத்தையே மாற்றி வரைய வேண்டும். முன்னதில் திட்டம் சரி, நடத்தியது பிசகு. பின்னதில் சொன்னபடியே அச்சுப் பிசகாமல் நடத்தியிருந்தாலும் பலன் வந்திருக்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால், கோட்பாடே தவறாக இருக்கும் இடத்திலும் பணியாளருக்கு மெமோ கொடுத்துக்கொண்டிருப்போம். நடக்காததா என்ன!

கண்ணிகளின் கணக்கு

எல்லாக் கண்ணியும் "பரவாயில்லை, நன்றாகத்தான் போகிறது" என்கிற நிலையில் இருந்தும் கடைசியில் ஏன் பலன் சிறியதாக வருகிறது என்பது புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாத ஒன்று. ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம்.

வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகள் 100 பேர் என்று வையுங்கள். அவர்களில் எடை பார்க்க வருகிறவர்கள் நூற்றுக்கு 80. வந்தவர்களில் 80 சதவீதத்தினரின் அட்டை சரியாகப் படிக்கப்படுகிறது, ஆக 64 பேர். அவர்களில் 80 சதவீதத்தினருக்கு உணவு தவறாமல் கிடைக்கிறது, 51. கிடைத்ததை 80 சதவீதக் குழந்தைகள் தாங்களே சாப்பிடுகிறார்கள், 41. அவர்களில் 80 சதவீதத்தினருக்கு வீட்டுச் சாப்பாடு குறையவில்லை, 33. காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து சேர்ந்த எடையைக் கரைத்துவிடாமல் தப்புகிறவர்கள் அதிலும் 80 சதவீதம், 26.

ஒவ்வொரு படியிலும் எண்பது மதிப்பெண். கடைசியில் நூற்றுக்கு இருபத்தாறு. ஒவ்வொரு பிரிவின் மேலாளரும் தன் பங்கு நன்றாக நடந்ததாக அறிக்கை எழுதுவார், அதில் பொய்யும் இருக்காது. இனி ஒரே ஒரு கண்ணியில், வீட்டுச் சாப்பாட்டுக் கண்ணி என்று வைப்போம், 80க்குப் பதில் 30 சதவீதம்தான் என்று மாற்றுங்கள். கடைசியில் தேறுகிறவர்கள் 10 பேராகிவிடுவார்கள். அந்த நிலையில் இன்னும் நல்ல தராசு வாங்குவதோ, எடை பார்க்க வருகிறவர்களை 80இலிருந்து 95ஆக உயர்த்துவதோ 10ஐ 12 ஆக்கும், அவ்வளவுதான். அதே பணத்தை 30ஐ 60 ஆக்கச் செலவழித்தால் பத்து இருபதாகும். கோட்பாட்டை எழுதி வைப்பதால் கிடைக்கும் நேரடி ஆதாயம் இது. பணத்தை எங்கே கொட்டுவது என்று தெரியும்.

ஆனால் அதற்கு ஒவ்வொரு கண்ணியிலும் எண் வேண்டும். வழக்கமான பதிவேட்டில் முதல் மூன்றுக்குத்தான் எண் இருக்கும், வருகை, எடை, விநியோகம். குழந்தை சாப்பிட்டதா, வீட்டில் குறைத்தார்களா என்பதற்குப் பதிவேடு இல்லை. அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆய்வு தேவையில்லை. மாதம் பத்து வீடுகளுக்குப் போய், "நேற்று விடிந்ததிலிருந்து படுக்கும் வரை பிள்ளை என்னென்ன சாப்பிட்டது" என்று கேட்டு எழுதினால் போதும். "சரியாக ஊட்டுகிறீர்களா" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். நேற்று என்று கேட்டால் கதை வரும். உணவு பெறும் குழந்தையின் வீட்டிலும், அதே மாதிரி வசதியுள்ள ஆனால் உணவு பெறாத குழந்தையின் வீட்டிலும் கேட்டால், வீட்டு வேளை குறைகிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

வரையும்போது பின்னாலிருந்து வாருங்கள்

சொந்தத் திட்டத்துக்கு இதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தில் தாங்கள் செய்யப்போவதை எழுதுகிறார்கள். பயிற்சி, கூட்டம், முகாம். பிறகு அதிலிருந்து அம்பு போட்டு "ஆரோக்கியமான சமூகம்" என்ற பெட்டிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். இப்படி எழுதினால் எந்தச் செயலிலிருந்தும் எந்தப் பலனுக்கும் அம்பு போடலாம்.

முடிவிலிருந்து பின்னோக்கி வந்தால் அப்படி ஏமாற்ற முடியாது. இரண்டு வயதில் குழந்தை மெலிந்திருக்கக் கூடாது, இது முடிவு. அதற்கு என்ன நடந்திருக்க வேண்டும்? ஆறு மாதத்திலிருந்து போதிய அளவு, போதிய தடவை சாப்பிட்டிருக்க வேண்டும், நோய் வந்தபோது சாப்பாடு நின்றிருக்கக் கூடாது. அதற்கு என்ன? வீட்டில் பொருள் இருக்க வேண்டும், பகலில் ஊட்ட ஓர் ஆள் இருக்க வேண்டும், பொருளைப் பிள்ளைக்கு ஒதுக்கலாம் என்று முடிவெடுப்பவர் ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கே நின்று அடுத்த கேள்வியைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பகலில் ஊட்டுவது யார்? பாட்டியா, எட்டு வயது அக்காவா? முட்டை வாங்குவதா வேண்டாமா என்று சொல்வது யார்?

இந்த இடத்தில் "குடும்பம்" என்றோ "சமூகம்" என்றோ எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். குடும்பம் ஊட்டாது, ஒரு ஆள்தான் ஊட்டுவார். அந்த ஆள் பாட்டி என்று தெரிந்தால், மதியம் இரண்டு மணிக்குத் தாய்மார் கூட்டம் போடுவதில் பொருளில்லை, பாட்டியின் திண்ணைக்குப் போக வேண்டும். வங்கதேசத் திட்டத்தை மறுபடி வரைவதாக இருந்தால் மாமியாருக்கும் கணவருக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும், அவர்களிடம் போய்ச் சேர வேறு வேறு வழி வேண்டும். கணவரைச் சந்தையிலோ தேநீர்க் கடையிலோதான் பிடிக்க முடியும்.

ஒவ்வொரு அம்புக்கும் கீழே "இது நடக்க வேறு எது உண்மையாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிகள்தான் அனுமானங்கள். "மழை பெய்யும்", "அரசு ஒத்துழைக்கும்" என்று ஒப்புக்கு எழுதுவதை எல்லாத் திட்டத்திலும் பார்க்கலாம். அவை உதவாது. பொய்யாகிப்போனால் உங்களுக்கு வலிக்கக்கூடிய அனுமானமாக இருக்க வேண்டும், பொய்யாகிறதா என்று ஆறு மாதத்துக்குள் போய்ப் பார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். "மருமகள் கேட்டால் மாமியார் முட்டை கொடுப்பார்" என்பது அப்படிப்பட்டது.

தேறியது திட்டத்தாலா?

இனி ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன 90 நாள், 500 கிராம் கணக்கை நினைவில் வையுங்கள். ஒரு குழந்தையை உணவூட்டலுக்கு எப்போது தேர்ந்தெடுக்கிறோம்? எடை சரிந்த மாதத்தில். ஏன் சரிந்தது? பல நேரங்களில் ஒரு வாரம் வயிற்றுப்போக்கோ தட்டம்மையோ வந்ததால். நோய் போனதும் குழந்தைக்குப் பசி திரும்பும், இழந்த எடையைத் தானாகவே கொஞ்சம் மீட்கும். அந்த நேரம் பார்த்து நம் உருண்டையும் உள்ளே போயிருக்கும். பெயர் உருண்டைக்கு. மோசமான நிலையில் இருப்பவர்களைப் பொறுக்கி எடுத்தால், ஒன்றும் செய்யாமலிருந்தாலும் அடுத்த அளவீட்டில் சராசரி கொஞ்சம் மேலே ஏறும். இதனால்தான் "உணவு பெற்றவர்களில் இத்தனை சதவீதம் தேறினார்கள்" என்ற ஒற்றை எண்ணை மதிப்பீட்டாளர்கள் நம்புவதில்லை. திட்டம் போகாத, ஆனால் மற்ற எல்லாவற்றிலும் ஒத்த ஊர்களில் அதே மாதிரி சரிந்த குழந்தைகள் 90 நாளில் என்ன ஆனார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பருவமும் இப்படித்தான் ஏமாற்றும். வேலையும் தானியமும் இல்லாத மாதங்களில் முதல் எடையை எடுத்துவிட்டு, அறுவடை முடிந்த கையோடு கடைசி எடையை எடுத்தால் எந்தத் திட்டமும் வென்றதாகத் தெரியும். இரண்டும் ஒரே மாதத்தில், ஓராண்டு இடைவெளியில் இருக்க வேண்டும்.

ஆக, மாற்றக் கோட்பாட்டை அழகாக எழுதிவிட்டதால் மாற்றம் நம்மால் வந்தது என்று நிரூபணம் ஆகிவிடாது. ஒப்பிட்டுப் பார்ப்பது தனி வேலை. ஆனால் ஒப்பீட்டில் பலன் இல்லை என்று வந்தால், ஏன் இல்லை என்று சொல்ல ஒப்பீட்டால் முடியாது. அதைக் கண்ணிகள்தான் சொல்லும்.

உருண்டை நின்ற பிறகு

நிலைத்த பலன் என்ற சொல்லைத் திட்டங்கள் தாராளமாகப் பயன்படுத்தும், அதை அளக்கிற திட்டங்கள் குறைவு. காரணம் எளிது, நிதியும் ஆட்களும் திட்டத்தோடு முடிந்துவிடும். எனவே எது நிலைக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே கோட்பாட்டில் தனியாக எழுத வேண்டும். ஊட்டச்சத்துத் திட்டத்தில் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். தாயின் பழக்கம் நிலைக்கும் என்று சொல்லலாம். பணியாளரின் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டு சேவை நிலைக்கும் என்று சொல்லலாம். இரண்டு வயதுக்குள் நன்றாக வளர்ந்த குழந்தையின் உடலிலேயே பலன் தங்கிவிடும் என்றும் சொல்லலாம். மூன்றுக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு. இரண்டாவதைப் பட்ஜெட் அறிக்கையில் பார்க்கலாம். மூன்றாவதை அதே பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதில் உயரம் அளந்து பார்க்கலாம்.

முதலாவதைப் பார்ப்பதுதான் சிரமம். உணவூட்டல் முடிந்த ஆறு மாதம் கழித்து, வெளியேறிய குழந்தைகளை மறுபடி எடை பார்த்தால் பாதி விஷயம் தெரியும். மறுபடி சரிந்து அதே பட்டியலில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வருகிற குழந்தைகள் நிறைய இருந்தால், உருண்டை வயிற்றை நிரப்பியிருக்கிறது, பழக்கத்தைத் தொடவில்லை என்று பொருள். பதிவேட்டில் ஒரே பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினாலே போதும். ஒரு பைசா செலவில்லாத இந்த எண்ணிக்கையை யாரும் எடுப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

மீதிப் பாதிக்கு நான் பார்க்கச் சொல்வது அடுத்த குழந்தையை. மூத்த பிள்ளைக்கு உணவூட்டல் பெற்ற வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்து ஒன்பது மாதம் ஆகிறது என்று வையுங்கள். அதற்கு எந்த உருண்டையும் கிடைக்கவில்லை, எந்த ஆலோசகரும் வரவில்லை. ஆறு மாதத்தில் பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டத் தொடங்கினார்களா, காய்ச்சல் வந்த வாரம் என்ன கொடுத்தார்கள், பகலில் யார் ஊட்டுகிறார்கள் என்று போய்க் கேளுங்கள். கேட்கும்போது பாட்டியும் பக்கத்தில் இருக்கட்டும்.